இரண்டு வில்லுக்கு நடுவே

சேஷனுக்குக் கல்லூரியில் இரண்டு விதமான பெயர் உண்டு. வானவில்லைப் பற்றி அவர் பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சும் தூங்காது என்பது ஒன்று. காலையில் உள்ளே நுழைந்தால் வலியசாலை அக்ரஹாரத்து வீட்டுக்குத் திரும்பும்வரை அவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது என்பது இன்னொன்று. இரண்டையும் மாணவர்கள் ஒரே மரியாதையோடுதான் சொல்வார்கள். முதலாவதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் யாரையும் வெறுத்தவர் அல்ல. வகுப்பில் ஒரு பையனை 'நீ' என்று சொன்னால் எல்லாப் பையனையும் 'நீ' என்பார். எல்லா ஜாதிக்கும் கோயில் கதவைத் திறந்துவிட்ட ராஜாவின் விளம்பரம் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தெருவில் சிலர் அதைப் பற்றி இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்க, "ராஜா சொன்னா சொன்னதுதான்" என்று பேச்சை முடித்துவிடுகிறவர் சேஷன். ஆனால் தண்ணீர் விஷயம் வேறு. அது அபிப்பிராயம் அல்ல. தொண்டையில் ஊறிப்போன பழக்கம். யாரோ கைவிட்ட பாத்திரத்துத் தண்ணீர் என்றால் அவருடைய தொண்டை தானாகவே மூடிக்கொள்ளும். அவர் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. மூச்சு விடுவதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

அன்று பி.ஏ. வகுப்பின் பிராக்டிகல் பரீட்சை. பங்குனி வெயில் ஓட்டைப் பிளந்தது. வெளியூர்ப் பரீட்சகராகத் திருநெல்வேலியிலிருந்து புரொபசர் சாம்பசிவன் வந்திருந்தார். பெரிய மூளை, அதைவிடப் பெரிய வெற்றிலைப் பெட்டி. கன்னம் எப்போதும் ஒரு பக்கம் புடைத்திருக்கும். வடக்கேயிருந்து தெற்கே வரைக்கும் அவரால் தேர்வில் விழுந்த பையன்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு தேர் இழுக்கலாம் என்று பேச்சு.

சோதனைகளைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பது வழக்கம். அந்தச் சீட்டுகளில் எல்லோரும் பயந்தது ஒன்று: தண்ணீர்த் தாரையில் வானவில் கோணங்களை அளப்பது. இருட்டறையில், ஒளியின் கோணத்தை அளக்கிற ஸ்பெக்ட்ராமீட்டர் ஒன்று. அதன் மேடைக்கு நடுவில், மேலே பரணில் வைத்த போத்தலிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாக, சிலேட்டுக் குச்சி கனத்துக்கு ஒரு தாரை நேராக விழும். கீழே ஒரு தாம்பாளம் அதை ஏந்திக்கொள்ளும். ஒரு பக்கம் உப்புத் தண்ணீரில் ஊறிய திரி எரிந்து மஞ்சள் வெளிச்சம் கொடுக்கும். அந்த மஞ்சள் ஒளி தாரைக்குள் நுழைந்து, அதன் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பி வெளியே வரும் கோணத்தைத் தொலைநோக்கியால் தேட வேண்டும். ஏழு வண்ணமும் கிடையாது, மஞ்சள் மட்டும்தான். ஆகாயத்து வில்லின் எலும்பு என்று சேஷன் அதைச் சொல்வார்.

காலையில் அந்தச் சோதனை விழுந்த பையன் நாற்பத்திரண்டு பாகை, ஐம்பத்தொன்று பாகை என்று எழுதிவிட்டுப் போனான். புத்தகத்தில் இருப்பதும் அதுதான். முதல் வில் நாற்பத்திரண்டில், இரண்டாவது வில் ஐம்பத்தொன்றில், நடுவில் ஒன்பது பாகைக்கு இருட்டு. சாம்பசிவன் தலையாட்டி, கிட்டத்தட்ட முழு மார்க் போட்டார். ஒரு சொட்டு நடுங்கினாலே கால் பாகை பிசகும் தாரையில் இவ்வளவு சுத்தமான விடை எப்படி வரும் என்று சேஷனுக்கு உள்ளுக்குள் ஓர் அரிப்பு. புத்தகத்தைப் பார்த்து அளவை எழுதுவதற்கு மாணவர்கள் 'சமையல்' என்பார்கள். நன்றாகச் சமைத்தவனுக்கு மார்க் என்பது இந்தத் தொழிலின் பழைய சங்கடம். சேஷனும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் அவர் குதிரைவண்டியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே திரும்பினார். இருட்டறையில் யாரும் இல்லை. அட்டெண்டர் ராஜையன் சாப்பிடப் போயிருந்தான். பரணில் போத்தல் பாதி காலியாக இருந்தது. அடுத்த ஆள் உள்ளே வருவதற்குள் நிரப்பியாக வேண்டும். தாழ்வாரத்தில் குழாய்த் தண்ணீர் வாளி இருந்தது, குவளையும் அதற்குள்ளேயே மிதந்தது. காலையிலிருந்து எத்தனை கை அந்தக் குவளையைப் பிடித்து மொண்டிருக்கும்! சேஷன் ஒரு நிமிஷம் வாளியைப் பார்த்தார். கை போகவில்லை. உள்ளே வந்தார். ஜன்னலுக்குக் கீழே அலமாரியில் மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடிகள் இரண்டு. காய்ச்சி வடித்த தண்ணீர் எது என்று அவருக்குத் தெரியும். இடது பக்கத்து ஜாடி. அதைத் தூக்கிப் போத்தலில் ஊற்றினார், மூடியைப் போட்டார், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். வேலை முடிந்தது.

மத்தியானச் சீட்டில் வானவில் செல்லபாய்க்கு விழுந்தது.

அவள் பாறசாலைப் பக்கம். தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வகுப்பில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி. இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். செல்லபாய் மட்டும் கடைசிவரை தம் பிடித்து வந்திருந்தாள். அவள் பாஸ் செய்தால் அதே மிஷன் நடத்தும் பெண்கள் ஹைஸ்கூலில் ஆனி மாசம் வேலை காத்திருந்தது. செய்யாவிட்டால் அந்த நாற்காலியில் மதராஸிலிருந்து வேறு ஒருத்தியை உட்காரவைத்துவிடுவார்கள். தகப்பனாரும், "ஒரு தடவைக்குத்தான் என்னால ஏலும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். பிராக்டிகலில் விழுந்தவளுக்குப் பேப்பரில் எத்தனை மார்க் வந்தும் பிரயோஜனம் இல்லை. இதெல்லாம் சேஷனுக்குத் தெரியும். சின்ன ஊரில் தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

நேரம் முடிந்து மணி அடித்தபோது அவள் தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். முழங்கைவரைக்கும் தண்ணீர். தாம்பாளம் நிறைய நிறைய அதைத் தூக்கி மேலே போத்தலில் திரும்ப ஊற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கிடையாது, பரீட்சை எழுதுகிறவளேதான் செய்ய வேண்டும்.

சாம்பசிவன் தாளைப் பார்த்தார். வெற்றிலை மெல்லுவது நின்றது.

"முப்பத்தொன்பதரை. ஐம்பத்தஞ்சரை." படித்துவிட்டுத் தலை நிமிர்ந்தார். "ஓய் சேஷன், உங்க ஊர்ல வானவில் கொஞ்சம் இழுத்து விட்ட மாதிரி வருமோ?"

சேஷன் எட்டிப் பார்த்தார். அந்த அளவுகளுக்கு மேலே இன்னொரு கொத்து எழுதி அடித்திருந்தது. முதல் வில்லுக்கு முப்பத்தெட்டரை. பிறகு முப்பத்தொன்பது. கடைசியில் முப்பத்தொன்பதரை, அதுவும் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை, பாதி போட்டு, மூன்று தடவை ஒரே அளவு.

"பாரும்," என்றார் சாம்பசிவன் விரலால் தட்டி. "முப்பத்தெட்டரையில ஆரம்பிச்சு மெதுவா நாப்பத்திரண்டைப் பார்த்து நடந்திருக்கா. பாதி வழியில பயந்து நின்னுட்டா. சமைக்கிறதுன்னா முழுசா சமைக்கணும். இது அரைவேக்காடு."

செல்லபாயின் முகம் சிவந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "நான் சமைக்கலே சார். சமைக்கணும்னா நாப்பத்திரண்டுன்னு நேரா எழுதிருப்பேன், அது எல்லாருக்கும் அறியுந்ந காரியமாக்கும். நான் கண்டது இதாக்கும்."

அவளுக்குப் பதற்றம் வந்தால் பேச்சில் பாதி மலையாளம் கலந்துவிடும். அது பாறசாலைக்காரர்களின் சுபாவம்.

"கண்டது இதுன்னா, கண்டது தப்பு," என்றார் சாம்பசிவன். "சரி, கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லு. முதல் வில் ஏன் நாப்பத்திரண்டுல நிக்கணும்? அம்பதுலயோ முப்பதுலயோ ஏன் நிக்கப்படாது?"

அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். பிறகு மேஜைமேல் ஈரக் கையாலேயே ஒரு வட்டம் வரைந்தாள். வட்டம் காய்வதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்பதுபோல் சொன்னாள்.

"துளிக்க நேர் நடுவுல படுற கதிர் பின்னால பட்டு வந்த வழியே திரும்பிப் போவும் சார். கொஞ்சம் ஓரமாப் பட்டா கொஞ்சம் விலகித் திரும்பும். இன்னும் ஓரம் போனா இன்னும் விலகும். ஆனா அதுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தாண்டி இன்னும் ஓரம் போனா, திரும்ப உள்ளே வர ஆரம்பிச்சிரும். வெளிச்சம் மொத்தமாத் திரும்புற அளவு அந்த இடத்துலதான் ரொம்பக் குறைச்சல். அதாக்கும் மினிமம் டீவியேஷன். திரும்புற இடத்துல கதிர் எல்லாம் நெருங்கி நிக்கும். அதுனால அங்க பளிச்சுனு இருக்கும். தண்ணிக்கு அது நாப்பத்திரண்டு."

"எல்லைக்கு உள்ளே?"

"உள்ளே கொஞ்சம் வெளிச்சம் உண்டு சார், வில்லுக்கு அடியில ஆகாசம் வெளுத்திருக்கும். வெளியில ஒண்ணும் வராது."

"ரெண்டாவது வில்?"

"உள்ளே ரெண்டு தடவை தட்டித் திரும்புறது. அதுக்கும் மினிமம் டீவியேஷன் உண்டு. ஆனா அது சுத்தி வர்றதுனால எல்லை மறுபக்கம் விழும். அம்பத்தொண்ணுக்குக் குறைச்சலா அது வராது. அதுக்க வெளிச்சம் எல்லாம் அம்பத்தொண்ணுக்கு வெளிப்பக்கம்."

"நடுவுல?"

"நடுவுல ரெண்டுக்கும் பாத்தியம் இல்லே. ஒருதடவை தட்டினதுக்கு அத்தனை தூரம் போவ முடியாது, ரெண்டுதடவை தட்டினதுக்கு அத்தனை பக்கத்துல வர முடியாது. அதுனால அங்க ஆகாசம் இருட்டா இருக்கும்."

சாம்பசிவனுக்குப் பதில் பிடித்துவிட்டது. அதை மறைக்க வெற்றிலையை மறுபக்கத்துக் கன்னத்துக்கு மாற்றினார். ஆனால் அவருக்கு ஒரு குணம் உண்டு: பதில் பிடித்த ஆளிடம்தான் அவர் அதிகம் கோபப்படுவார்.

"இவ்வளவு தெரிஞ்சவ அளவுல கோட்டை விட்டுட்டியே. தியரி மார்க் பேப்பர்ல வரும். எனக்கு இங்கே கை சொல்றதுதான் கணக்கு. நாலு பாகைக்கு மேல பிசகு. ரெண்டாவது வில்லை நீ பார்க்கவே இல்லை, ஏதோ கண்ணாடியில பட்ட பிரதிபிம்பத்தை அளந்திருக்கே. பெயில். சேஷன், கையெழுத்துப் போடும். எனக்கு ரயில் இருக்கு."

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். சேஷன் பேனாவை எடுத்தார்.

எடுத்தவர் போடவில்லை. அவருக்கு அந்த இரண்டு எண்கள் தொண்டையில் முள் மாதிரி சிக்கின. முப்பத்தொன்பதரை. ஐம்பத்தைந்தரை. நடுவில் பதினாறு பாகை இருட்டு. கைதவறிய அளவு இப்படிப் பிசகுமா? தொலைநோக்கியைச் சரியாக வைக்கவில்லை என்றால் இரண்டு கோணமும் கூடியிருக்க வேண்டும், அல்லது இரண்டும் குறைந்திருக்க வேண்டும். இடம், வலம் இரண்டிலும் அளந்து பாதி போட்டிருக்கிறாள்; பூஜ்யம் பிசகினாலும் அதில் அடிபட்டுப் போகும். இங்கே ஒன்று குறைந்திருக்கிறது, மற்றது கூடியிருக்கிறது. சின்ன வில் சுருங்கியிருக்கிறது, பெரிய வில் விரிந்திருக்கிறது, நடுவிலிருந்த இருட்டு இரண்டு பக்கமும் வாயைத் திறந்திருக்கிறது. கை பிசகினால் அப்படி நடக்காது. எது பிசகினால் நடக்கும்?

அவர் தாளின் பின்பக்கத்தில் கிடுகிடுவென்று போட்டுப் பார்த்தார். ஒளியை வளைக்கும் பலம் தண்ணீருக்குப் புத்தகத்தில் 1.33. அதை 1.35 என்று வைத்தால்? முதல் வில் முப்பத்தொன்பதரையில் வந்து உட்கார்ந்தது. அதே எண்ணை இரண்டாவது வில்லுக்குப் போட்டார். ஐம்பத்தைந்தரை. ஒரே எண் இரண்டு கோணத்தையும் கொடுத்தது. சமைத்தவளால் இதைச் சமைக்க முடியாது. சமைப்பதற்கு இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு, தலைகீழாக நினைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

அந்தப் போத்தலில் இருப்பது தண்ணீர் அல்ல.

இடது பக்கத்து ஜாடி! மஞ்சள் விளக்குத் திரிக்கு ஊற்றுகிற கடும் உப்புத் தண்ணீரும் அதே மாதிரி ஜாடியில்தான். பரீட்சைக்கு இடம் ஒழிக்கும்போது ராஜையன் ஜாடிகளை மாற்றி வைத்திருப்பான். அவன் வைத்த இடம் அவனுக்குத் தெரியும். பாதித் தண்ணீர் இருந்த போத்தலில் பாதிக்கு உப்பு நீரை ஊற்றியது தன் கையேதான். ஊற்றிய உப்பு நீர் கனத்தில் அடியில் தங்கி முதலில் அதுதான் தாரையாக வந்திருக்கிறது. அவள் தாம்பாளத்தைத் தூக்கித் தூக்கி மேலே ஊற்றியதில் கலந்து, கலந்து, கடைசியில் ஒரே சீராகியிருக்கிறது. அடித்துப்போட்ட அளவுகள் நகர்ந்ததற்குக் காரணம் பயமல்ல, கலக்கம். அவள் அளவு நிற்கும்வரை காத்திருந்திருக்கிறாள்.

தாழ்வாரத்து வாளியில் ஒரு குவளை மொண்டிருந்தால் இந்த வினையே இல்லை.

இதெல்லாம் அவர் மனதில் ஓடி முடிவதற்கும் செல்லபாய் பேசுவதற்கும் சரியாக இருந்தது. அவளும் அதே இடத்துக்கு வந்திருந்தாள், அவருக்கு முன்னாலேயே.

"சார், ஒரு காரியம் சொல்லட்டா? அளவு தப்புன்னா ரெண்டும் ஒரே பக்கமாத் தப்பணும். இது ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளியே. என் கணக்குல அது பச்சைத் தண்ணி அல்ல. நான் கடைசியில எழுதியும் இருக்கேன்."

எழுதித்தான் இருந்தாள். தாளின் அடியில், பொடி எழுத்தில், 'திரவம் சுத்தமான நீர் அல்ல என்று தோன்றுகிறது' என்று இங்கிலீஷில் ஒரு வரி. சாம்பசிவன் அதுவரை படிக்கவில்லை. படித்துவிட்டு மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்தார்.

"நல்லா இருக்கே. ஆடத் தெரியலைன்னா மேடை கோணல். தண்ணி தண்ணியில்லைன்னா வேற என்ன, இளநீரா?"

"உப்புன்னு தோணுது சார்."

"அப்படித்தான் இருக்கும்," என்றார் சேஷன். குரல் அவருக்கே அன்னியமாக இருந்தது. "கணக்கு அப்படித்தான் சொல்றது. ஒண்ணு புள்ளி மூணு அஞ்சுன்னு வச்சா ரெண்டும் பொருந்தறது. பாருங்கோ."

சாம்பசிவன் கணக்கைப் பார்த்தார். ஒரு முறை, இன்னொரு முறை. ஆள் முரடே தவிர முட்டாள் அல்ல. தலையைச் சொறிந்தார். "பொருந்தறது. ஆனா ஓய், பொருந்தறதுங்கிறதை வச்சு நான் எப்படி மார்க் போடறது? ரெண்டு தப்பு சேர்ந்து தற்செயலாப் பொருந்தினா? நாளைக்கு யாராவது கேட்டா, கணக்கு பொருந்தித்து அதனால பாஸ் பண்ணினேன்னு சொல்லட்டுமா? ஹைட்ராமீட்டர் கொண்டாரும், மிதக்க விட்டுத் தண்ணியோட கனத்தைப் பார்த்துடலாம்."

ஹைட்ராமீட்டர் கெமிஸ்ட்ரிக்காரர்களின் அலமாரியில் இருந்தது. சாவி அவர்களின் தலைவரிடம், தலைவர் கொல்லத்தில். ராஜையன் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்தான். ஒரு சொட்டைச் சுட வைத்துப் பார்க்கலாமா என்றால், இந்த ஊர்க் குழாய்த் தண்ணீரே வெள்ளையாகப் பூத்துத்தான் காயும் என்றார் சாம்பசிவன். அதுவும் நியாயம்தான்.

"இதுக்கு ஏன் இத்தனை பாடு?" என்றார் பிறகு. "உப்பா இல்லையாங்கிறதுக்கு நாக்கு போதாதா?"

"நான் பார்த்தேன் சார், கரிக்குது," என்றாள் செல்லபாய்.

"நீ பார்த்தா உனக்கு. பரீட்சை எழுதறவ சாட்சி சொல்லப்படாது. என் நாக்கைக் கேட்காதே, முப்பது வருஷமாப் புகையிலை போட்டு, அதுக்கு உப்பும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது. ராஜையன் உங்க ஆள், அவனுக்குக் கையெழுத்துப் போடவும் தெரியாது." அவர் சேஷனைப் பார்த்தார். வழக்கமான விளையாட்டுப் பார்வை அல்ல. அவருக்கும் வலியசாலை தெரியும், அவரும் அதே மாதிரி தெருவிலிருந்து வந்தவர்தான். "நீர் சொல்லும். நீர் நாக்குல வச்சுட்டு உப்புன்னு சொன்னா நான் கண்ணை மூடிண்டு மார்க் போடறேன். இல்லைன்னா இருக்கிறபடி கையெழுத்துப் போட்டுடலாம்."

வாசலில் நின்ற ராஜையன் சுவரைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். தாரை மட்டும் தாம்பாளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

செல்லபாய் மேஜையிலிருந்த சின்னக் கண்ணாடிக் கிண்ணியை எடுத்தாள். தாம்பாளத்தில் மொண்டாள். அதே தாம்பாளம்தான், மத்தியானம் முழுவதும் அவள் கையை விட்டுத் தூக்கிய தாம்பாளம். விரல்களில் சொட்டச் சொட்டக் கிண்ணியைக் கொண்டுவந்து நீட்டினாள். பாதி நீட்டியபோதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கை அந்தரத்தில் நின்றது. பின்வாங்கவில்லை, முன்னேயும் வரவில்லை. கிண்ணி விளிம்பில் தண்ணீர் ஆடியது. அவள் கண்ணில் கெஞ்சல் இல்லை; அதைப் பார்த்திருந்தால் சேஷனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சுகிறவருக்கு இரங்குவது சுலபம். அவள் ஒரு விடை வருவதற்குக் காத்திருப்பதுபோல் நின்றாள், அவ்வளவுதான்.

சேஷனின் தொண்டை மூடிக்கொண்டது. அது அவரைக் கேட்டு மூடவில்லை. கணக்கு சரி என்று மூளை சொல்கிறது. பாவம் என்று மனசு சொல்கிறது. உன் கை செய்த வினை என்று மனசாட்சி சொல்கிறது. தொண்டை இதில் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை. ஒரு வழி இருந்தது, அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது: 'நான்தான் ஜாடி மாற்றி ஊற்றினேன்' என்று சொல்லிவிட்டால் போதும், நாக்கில் வைக்க வேண்டாம். ஆனால் அதையும் சாம்பசிவன் நம்ப மாட்டார். பெண்ணுக்கு இரங்கிப் பொய் சொல்கிறார் என்பார். அதைவிட, ஜாடியை ஏன் எடுத்தீர், வாசலில் வாளி இருந்ததே என்று கேட்டால், அந்தப் பதிலை இவள் எதிரில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லும் தைரியம் தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தபோது அவமானமாக இருந்தது. இத்தனை வருஷமும் அது ஒரு சுத்தம் என்றுதான் நினைத்திருந்தார். ஒளிக்க வேண்டிய ஒன்று என்று இன்றுதான் தெரிந்தது.

அவர் கையை நீட்டிக் கிண்ணியை வாங்கினார். அவள் விரல் ஈரம் அவர் விரலில் பட்டது.

ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் போதும். அவர் ஒரு வாய் குடித்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது. ஒரு சொட்டோடு நிறுத்தினால் அது பரீட்சையாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

கரிப்பு. நாக்கு சுருங்கிக் கண்ணில் நீர் வந்தது. கோவளத்தில் அலையில் விழுந்தவன்கூட இவ்வளவு உப்பைக் குடித்திருக்க மாட்டான். வாய் நிறைய உப்போடு அவரால் பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

செல்லபாய் அவசரமாகக் காலித் தொட்டி ஒன்றை எடுத்து அவர் முன்னால் பிடித்தாள். "துப்பிருங்கோ சார். உப்பாக்கும், வயித்தைப் பெரட்டும்."

அவள் சொன்னது நல்ல மனசோடு சொன்னது. யாராக இருந்தாலும் துப்புவார்கள். உப்புத் தண்ணீரைத் துப்பாமல் விழுங்குகிறவன் பைத்தியக்காரன். ஆனால் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற அவள் முகத்தை சேஷன் பார்த்தார். அதில் ஓர் ஓரத்தில், அவள் அறியாமலேயே, ஒரு சின்ன இறுக்கம் இருந்தது. அடி விழும் என்று தெரிந்தவர்கள் கன்னத்தை வைத்துக்கொள்கிற இறுக்கம். எத்தனை வீட்டு வாசலில், எத்தனை தடவை கற்றுக்கொண்டதோ. இவர் துப்பினால், அது உப்புக்காகத் துப்பியது என்று இவருக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் காலம் பூரா அது எதற்காக என்று தெரியாமலே இருப்பாள்.

சேஷன் விழுங்கினார். தொண்டை ஒரு முறை முரண்டு பிடித்தது, பிறகு வழிவிட்டது. உப்பு மார்வரை எரித்துக்கொண்டு இறங்கியது.

"உப்பு," என்றார். "நான்தான் ஊத்தினேன். மத்தியானம் ஜாடி மாத்தி ஊத்திட்டேன். அவ அளந்தது அத்தனையும் சரி."

சாம்பசிவன் ஏன் என்று கேட்கவில்லை. மாறாத முகத்தோடு பேனாவைத் தோய்த்து, அடித்துப்போட்ட அளவுகளுக்கு மேல் மார்க்கை எழுதி, தாளை இந்தப் பக்கம் தள்ளினார். காலையில் வந்த பையனுக்குப் போட்டதைவிட ஒரு மார்க் கூடுதல். சேஷன் கையெழுத்துப் போட்டார்.

செல்லபாய் இன்னும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் தேறிவிட்டாள் என்பது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை போலிருந்தது. தொட்டியைப் பார்த்தாள், அது காய்ந்தே இருந்தது. பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்; தோள் குலுங்கியது. இவ்வளவு நேரம் அழாதவள் இப்போது ஏன் அழுகிறாள் என்று சாம்பசிவனுக்குப் புரியவில்லை. "மார்க் போட்டாச்சே அம்மா," என்றார்.